கண்ணுக்குக் கீழே பூசும் காஃபின், ரெட்டினால் கிரீம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. காஃபின் கிரீம் வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். காலையில் எழுந்ததும், முகம் கழுவும் முன்பே, ஏதாவது ஒரு விளக்கின் கீழ் நின்று முகத்தைப் படம் எடுங்கள். மாலையில் அதே விளக்கின் கீழ், அதே தொலைவில் நின்று இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மாலைப் படத்தில் வீக்கம் வற்றியிருந்தால் அது நீர். கண்ணைச் சுற்றியுள்ள தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. அதன் அடியில் உள்ள திசுவும் தளர்வானது. படுத்திருக்கும் நேரத்தில் நீர் அங்கே எளிதாகத் தேங்கும். எழுந்து நடமாடத் தொடங்கியதும் சில மணி நேரத்தில் தானாகவே வடிந்துவிடும். முந்தைய இரவு உப்பு அதிகமாகச் சாப்பிட்டது, மது அருந்தியது, அழுதது, ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கியது என எதுவும் இதற்குக் காரணமாகலாம்.

இரண்டு படங்களிலும் ஒரே அளவு உப்பல் இருந்தால் அது பெரும்பாலும் கொழுப்பு. விழியைச் சுற்றி மெத்தைபோல் கொழுப்பு இருக்கிறது. கீழ் இமையில் அது மூன்று தொகுதிகளாக அமர்ந்திருக்கும். முன்னால் ஒரு மெல்லிய சவ்வு அதைத் தடுத்து வைத்திருக்கும். வயதாக ஆகச் சவ்வு தளர்வதால் கொழுப்பு முன்னே பிதுங்குகிறது. குடும்ப வாகாக இருந்தால் இளம் வயதிலேயே இது தெரியும். தலையை அசைக்காமல் விழிகளை மட்டும் மேலே உயர்த்திப் பாருங்கள். பை இன்னும் எடுப்பாகத் தெரிந்தால் கொழுப்புதான் என்ற ஐயம் வலுக்கிறது.

காஃபினுக்கு முதல் வகையில் மட்டுமே கொஞ்சம் வேலை இருக்கிறது. இரண்டாம் வகையில் அது எதையும் தொடுவதில்லை. நாற்பதைக் கடந்த பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். அவர்களுக்குக் காலை உப்பலில் ஒரு பங்கு மட்டும் குறையும், மீதி அப்படியே நிற்கும். அந்த மீதியைப் பார்த்துவிட்டு, இன்னும் அதிக காஃபின் உள்ள கிரீமைத் தேடிப் போகாதீர்கள்.

காஃபின் தோலுக்குள் போய் என்னதான் செய்கிறது?

உடம்பில் அடினோசின் என்றொரு பொருள் இருக்கிறது. இரத்தக் குழாய்களை விரியச் செய்வது அதன் வேலைகளில் ஒன்று. காஃபின் அடினோசினின் இடத்தை அடைத்துக்கொள்வதால் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. சுருங்கிய குழாயிலிருந்து சுற்றியுள்ள திசுவுக்குக் கசியும் நீரும் குறையும். இதுதான் கருத்து. காஃபின் தோலைக் கடக்கும் என்பதிலும் ஐயமில்லை. மருந்துகள் தோலுக்குள் எப்படி ஊடுருவுகின்றன என்று சோதிக்கும் ஆய்வகங்கள் காஃபினையே மாதிரிப் பொருளாகப் பயன்படுத்துகின்றன.

ஆனால் கருத்து சரியாக இருப்பது வேறு, கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைப்பது வேறு. 2011-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் காஃபின் கலந்த ஜெல்லையும் காஃபின் இல்லாத அதே ஜெல்லையும் பூசி ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டுக்கும் இடையில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. நீர் நிறைந்த ஜெல் ஆவியாகும்போது தரும் குளிர்ச்சியே வீக்கத்தைக் குறைத்தது என்பதுதான் ஆய்வாளர்கள் எட்டிய முடிவு. காஃபினால் கூடுதல் பலன் பெற்றவர்கள் ஒரு சிறுபான்மையினரே.

நான் மருந்தாளுநர். இந்த ஆய்வைப் படித்த பிறகு, கேட்பவர்களிடம் ஒரு சோதனையைச் செய்து பார்க்கச் சொல்கிறேன். ஒரு வாரம், காலையில் வலக் கண்ணுக்குக் கீழே காஃபின் ஜெல் பூசுங்கள். இடக் கண்ணின் மேல், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து நிமிடம் வையுங்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டு கண்களையும் ஒரே படத்தில் எடுங்கள். ஏழு படங்களிலும் வலப்பக்கம் தெளிவாக முந்தினால் காஃபின் உங்களுக்கு வேலை செய்கிறது. வேறுபாடு தெரியாவிட்டால் துணியே போதும்.

ஒரு முறை பூசினால் எவ்வளவு நேரம் தாங்கும்?

சில மணி நேரம். மறுநாள் காலையில் கண் வீங்கினால் மறுபடியும் பூச வேண்டியதுதான். மாதக்கணக்கில் பூசினாலும் பலன் சேர்ந்துகொண்டே போகாது. நிறுத்தினால் எதையும் இழப்பதும் இல்லை. சாதாரணமாக இக்கிரீம்களில் 3 சதவீதம் வரை காஃபின் இருக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பூசுவது நல்ல யோசனை. மோதிர விரலால், உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாக, தோலை இழுக்காமல் ஒற்றி எடுங்கள்.

பூசி ஐந்தே நிமிடத்தில் பை முழுவதும் மறைவதை வீடியோவில் பார்த்தேனே, அது பொய்யா?

பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது காஃபினின் வேலையும் இல்லை. அத்தகைய தயாரிப்புகளில் சிலிகேட் உப்புகள் இருக்கும். அவை காயும்போது தோலின் மேல் இறுக்கமான படலமாகி, தோலைச் சேர்த்து இழுத்துப் பிடிக்கின்றன. பட்டையாகக் காய்ந்த பசை கைத்தோலை இழுப்பதை நினைத்துப் பாருங்கள், அதே விதம்தான். முகம் கழுவினாலோ, சிரித்துப் பேசிப் படலம் விரிசல் விட்டாலோ பை திரும்பிவிடும். அதிகமாகப் பூசினால் வெள்ளையாகப் பொரிந்து தெரியும். ஒரு விழாவுக்கோ புகைப்படத்துக்கோ பயன்படுத்துவதில் தவறில்லை. தோலுக்குள் ஏதோ மாறிவிட்டது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

ரெட்டினால் சுருக்கத்தைப் போக்குமா? எத்தனை நாளில்?

இங்கே நிலைமை வேறு. காஃபினுக்கு ஒரு காலைப்பொழுதுதான் கணக்கு, ரெட்டினாலுக்கு மாதங்கள் கணக்கு.

ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். தோலுக்குள் போனதும் அது முதலில் ரெட்டினால்டிஹைடாகவும் பிறகு ரெட்டினோயிக் அமிலமாகவும் மாறுகிறது. கடைசியாகச் சொன்ன அமிலம்தான் உயிரணுக்களின் உட்கருவில் உள்ள ஏற்பிகளோடு இணைந்து வேலை செய்கிறது. அதனால் கொலாஜன் உற்பத்தி கூடுகிறது. கொலாஜனை உடைக்கும் நொதிகளின் செயல் அடங்குகிறது. மெலிந்துபோன மேல்தோல் சற்றுத் தடிக்கிறது. மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் டிரெட்டினாயின், அந்த அமிலமேதான். மாற வேண்டிய படிகள் இல்லாததால் அது வலிமையானது, எரிச்சலும் அதற்கேற்ப அதிகம். மெல்லிய சுருக்கங்களுக்கு டிரெட்டினாயின் கிரீமை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1995-இல் அனுமதித்தது.

ரெட்டினாலுக்கும் நல்ல சான்று இருக்கிறது. 2007-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 87 வயதுடைய 36 பேரின் மேற்கை உட்புறத்தில் 0.4 சதவீத ரெட்டினால் லோஷனை வாரத்துக்கு மூன்று முறை வரை பூசினார்கள். மற்றக் கையில் ரெட்டினால் இல்லாத லோஷன். 24 வாரம் கழித்து ரெட்டினால் பூசிய கையில் மெல்லிய சுருக்கங்கள் குறைந்திருந்தன. ஆனால் அது கைத்தோல் என்பதை மறக்கக் கூடாது. கண்ணோரத் தோல் அவ்வளவு வலிய மருந்தை அதே எளிமையோடு தாங்காது. அதனால்தான் ஐ கிரீம்களில் அளவைக் குறைத்து வைக்கிறார்கள், பலனும் அதற்கேற்ப மெதுவாக வருகிறது. பன்னிரண்டு வாரத்துக்கு முன் எந்தத் தீர்ப்பும் சொல்லாதீர்கள். ஆறு மாதம் என்பது நியாயமான தவணை.

எந்தக் கோடுகள் குறையும் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முகம் அசையாமல் இருக்கும்போதே கண்ணுக்குக் கீழே கசங்கிய காகிதம்போல் தெரியும் மெல்லிய கோடுகள் குறையும். முற்றிலும் அழியும் என்று நான் சொல்ல மாட்டேன். சிரிக்கும்போது மட்டும் விழும் கோடுகள் தசை மடிப்பதால் வருபவை. தசையை ரெட்டினால் தொடாது. காலையில் தோன்றி, சாதாரண மாய்ஸ்சரைசர் பூசியதும் மறையும் கோடுகள் வெறும் வறட்சி. முதல் வாரத்திலேயே "கோடு குறைந்துவிட்டது" என்று மகிழ்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஈரப்பத விளைவைத்தான்.

எத்தனை சதவீதம் உள்ளதை வாங்குவது?

முதல் முறை என்றால் 0.1 சதவீதமோ அதற்கும் குறைவோ போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த விதி, முகத்தில் பூசி அப்படியே விடும் அழகுசாதனங்களில் ரெட்டினாலுக்கு 0.3 சதவீத உச்சவரம்பு வைத்திருக்கிறது. பெட்டியில் "ரெட்டினைல் பால்மிட்டேட்" என்று இருந்தால், அது ரெட்டினாலாக மாறவே இன்னொரு படியைக் கடக்க வேண்டிய வலுக்குறைந்த உறவினர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சதவீதத்தைவிட நான் முதலில் பார்ப்பது குப்பியை. ரெட்டினால் வெளிச்சத்திலும் காற்றிலும் கெட்டுப்போகும் பொருள். அகலவாய்க் கண்ணாடிச் சிமிழில் வரும் கிரீம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வலுவிழக்கும். ஒளி புகாத டியூபிலோ காற்றுப் புகாத பம்பிலோ இருப்பதை வாங்குங்கள். வெளிர் மஞ்சளாக இருந்த கிரீம் பழுப்பேறினால் தூக்கி எறிந்துவிடலாம்.

எப்படித் தொடங்குவது? தோல் உரியும் என்று பயமாக இருக்கிறது.

என் அக்காவின் அனுபவத்தைச் சொல்கிறேன். அவருக்கு 47 வயது. கண்ணுக்குக் கீழே பையும் இருந்தது, கோடுகளும் இருந்தன. மேலே சொன்ன காலை, மாலைப் படங்களை எடுத்தோம். மாலையில் உப்பல் பாதியாகக் குறைந்தது. மூக்கை ஒட்டிய உள்மூலையில் மட்டும் ஒரு மேடு அப்படியே நின்றது. மேலே பார்க்கச் சொன்னால் அந்த மேடு இன்னும் எழும்பியது. ஆகவே பாதி நீர், பாதி கொழுப்பு. ஜெல்லையும் துணியையும் ஒரு வாரம் ஒப்பிட்டதில் இரண்டு கண்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அவர் துணியோடு நிறுத்திக்கொண்டார்.

கோடுகளுக்காக 0.1 சதவீத ரெட்டினாலைத் தொடங்கினோம். வாரத்தில் இரண்டு இரவுகள் மட்டும். முகம் கழுவி ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு முதலில் மாய்ஸ்சரைசர், பத்து நிமிடம் கழித்து ரெட்டினால். இரண்டு கண்களுக்கும் சேர்த்தே ஒரு பட்டாணியில் பாதி அளவுதான். விரலால் அழுத்தினால் கண்குழியின் எலும்பு விளிம்பு தட்டுப்படும். அந்த எலும்பின் மேல் மட்டும் பூசச் சொன்னேன். இமை மயிர்களின் ஓரத்துக்கோ மேல் இமைக்கோ கொண்டுபோகக் கூடாது. கிரீம் உடல் சூட்டில் தானாகவே சில மில்லிமீட்டர் பரவும். இமை விளிம்பில் மைபோமியன் சுரப்பிகள் என்ற எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் உலராமல் காப்பது அந்த எண்ணெய்தான். ரெட்டினால் உள்ளிட்ட ரெட்டினாய்டு வகைப் பொருள்கள் அந்தச் சுரப்பிகளுக்கு உகந்தவை அல்ல. கண் வறட்சி உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டு வாரம் எந்தத் தொல்லையும் இல்லை. அதனால் துணிவு பெற்று, என்னிடம் கேட்காமலே அக்கா ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாற்றிக்கொண்டார். நான்காம் வாரக் கடைசியில் வெளிமூலையில் தோல் மாவுபோல் உதிர்ந்தது. அந்த இடத்தில் கோடுகள் முன்பைவிட ஆழமாகத் தெரிந்தன. அவர் மிகவும் வருந்தினார். உண்மையில் சுருக்கம் கூடவில்லை. வறண்ட தோல் ஒவ்வொரு மடிப்பையும் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். பத்து நாள் ரெட்டினாலை அடியோடு நிறுத்தி, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் மட்டும் பூசினார். பிறகு மறுபடியும் வாரம் இரண்டு இரவுகள். பன்னிரண்டாம் வாரத்தில்தான் மூன்று இரவுகளுக்கு ஏறினோம், அதற்கு மேல் போகவே இல்லை.

ஆறாம் மாதப் படத்தை முதல் படத்தோடு ஒப்பிட்டோம். சும்மா இருக்கும்போது தெரிந்த குறுக்குக் கோடுகள் மங்கியிருந்தன. சிரிப்புக் கோடுகள் மாறவில்லை. உள்மூலை மேடு ஒரு நூலளவும் குறையவில்லை. இதை நான் நல்ல பலன் என்றே சொல்வேன். ரெட்டினால் ஒரு கண்ணுக்கு நியாயமாகச் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

பகலில் கண்ணோரம் வரை சன்ஸ்கிரீன் பூச வேண்டும். கொலாஜனைச் சிதைப்பதில் வெயிலுக்கே முதலிடம். ஆகவே இரவில் கட்டியதைப் பகலில் இடித்துவிடக் கூடாது.

ரெட்டினால் போட்டதிலிருந்து வீக்கம் கூடியிருக்கிறது. காஃபின் ஜெல்லை மேலே பூசினால் சரியாகுமா?

பூச வேண்டாம். எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அழற்சியால் வரும் வீக்கத்தில் குழாய்கள் விரிந்து நீர் கசிந்துகொண்டிருக்கும். மேல்தோலின் தடுப்பும் அந்நேரம் பழுதாகியிருக்கும். அதன்மேல் எதைப் பூசினாலும், குறிப்பாக வாசனைப்பொருள் இருந்தால், எரிச்சல் கூடும். எரிச்சல் மட்டும் என்றால் பூசிய இடத்தில் சிவப்பும் உரிதலும் இருக்கும், ஓரிரு வாரத்தில் அடங்கும். அரிப்பே முன்னால் நின்று, பூசாத மேல் இமையும் சேர்ந்து வீங்கினால் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது கிரீமின் பெட்டியோடு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். உட்பொருள் பட்டியல் அவருக்கு உதவும். வீட்டில் இருக்கிறதே என்று ஸ்டீராய்டு களிம்பை எடுத்துக் கண்ணருகே பூசாதீர்கள். கண் அழுத்தத்தை உயர்த்தக்கூடியது அது.

காஃபினும் ரெட்டினாலும் ஒரே கிரீமில் வருகிறதே, இரட்டைப் பலன்தானே?

இரண்டுக்கும் பொழுது ஒத்துப்போவதில்லை. காஃபின் தேவைப்படுவது காலையில், ரெட்டினாலை இரவில்தான் பூசச் சொல்கிறோம். இரவில் பூசிய காஃபினின் வேலை விடிவதற்குள் முடிந்துவிடும். தவிர, தோல் உரியும்போது ரெட்டினாலை மட்டும் தனியே நிறுத்தவும் வழியில்லை. இரண்டும் வேண்டுமென்றால் தனித்தனியாக வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முகத்துக்குப் பூசும் ரெட்டினாலையே கண்ணுக்குக் கீழேயும் பூசலாமா?

அளவு 0.1 சதவீதத்தை ஒட்டி, வாசனையும் கிளைகாலிக் போன்ற அமிலங்களும் இல்லாமல் இருந்தால், எலும்பு விளிம்பின் மேல் பூசலாம். பெட்டியில் "கண்ணைச் சுற்றித் தவிர்க்கவும்" என்று எழுதியிருந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். தொடரலாமா?

ரெட்டினாலை நிறுத்திவிடுங்கள். வைட்டமின் ஏ வகை மருந்துகளை வாய்வழி உட்கொள்வது கருவைப் பாதிக்கும் என்பது உறுதியானது. தோல் வழியாக உடலுக்குள் போவது மிகச் சொற்பம் என்றாலும், ஒரு கோட்டுக்காக அந்த ஐயத்தைச் சுமக்க வேண்டியதில்லை. கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

கருவளையத்துக்கு இவை உதவுமா?

கருமைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மெல்லிய தோலின் அடியில் இரத்தக் குழாய்கள் நீலமாகத் தெரிந்தால், காஃபின் சிறிது நேரம் மங்க வைக்கலாம். தோலே நிறமேறியிருந்தால் ரெட்டினால் மெதுவாகச் சற்று உதவலாம். ஆனால் அதன் எரிச்சலே மாநிறத் தோலில் கருமையைக் கூட்டிவிடவும் கூடும். மூன்றாவது வெறும் நிழல்: மேலே பை, கீழே பள்ளம், நடுவே இருள். முகத்துக்கு நேர் எதிரே விளக்கைப் பிடித்தால் கருமை காணாமல் போகிறதா என்று பாருங்கள். போனால் அது நிழல். எந்தக் கிரீமுக்கும் அங்கே வேலையில்லை.

பை கொழுப்புதான் என்று தெரிந்துவிட்டது. இனி என்ன வழி?

கீழ் இமை அறுவை சிகிச்சையில் பிதுங்கிய கொழுப்பை எடுக்கிறார்கள் அல்லது கீழேயுள்ள பள்ளத்துக்கு நகர்த்தி வைக்கிறார்கள். பள்ளத்தை மட்டும் நிரப்ப ஊசியும் உண்டு. ஆனால் அங்குள்ள இரத்தக் குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாய்களோடு தொடர்புடையவை. மருந்து தவறி அவற்றுக்குள் போனால் அரிதாகப் பார்வையே பறிபோகும். தேர்ந்த மருத்துவர் தவிர வேறு யார் கையாலும் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டாலும் உடம்புக்கு எந்தக் கேடும் இல்லை.

எந்த வீக்கத்துக்குக் கிரீமைத் தேடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்?

ஒரு கண் மட்டும் திடீரென வீங்கி, சிவந்து, வலியோ காய்ச்சலோ சேர்ந்தால் அன்றே போங்கள். விழியை அசைக்கும்போது வலித்தாலும், பார்வை மங்கினாலும், இரட்டையாகத் தெரிந்தாலும் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கக் கூடாது. விழிகள் முன்னே துருத்துவதுபோல் இருந்தால் தைராய்டைச் சோதிக்க வேண்டும். புதிதாகத் தினமும் முகம் வீங்கி, கூடவே கணுக்காலும் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்துப் போனாலோ, முதலில் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். சிறுநீரகக் கோளாறு சிலரிடம் முதன்முதலில் கண்ணுக்குக் கீழேதான் தலைகாட்டும். காஃபின் ஜெல் பூசிக்கொண்டே பல வாரங்களைக் கடத்திவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.